சிவனொளிபாதமலையில் ஏறியது 1,004 மீட்டரா, 1,236 மீட்டரா?

கேள்வி: இரவு 11 மணிக்கு அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் இருந்து புறப்பட்டு, விடியற்காலை நாலரைக்கு உச்சியை அடைந்தோம். சூரியோதயம் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்கினோம். வாட்சில் மொத்த ஏற்றம் 1,004 மீட்டர். பதிவை இணையதளத்தில் ஏற்றி உயரத் திருத்தம் கொடுத்ததும் 1,236 ஆகிவிட்டது. வரைபடத்தில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்கும் குறைவு. எதை நம்புவது? வாட்சின் பதிவுக் கோப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வாட்சை நம்புங்கள். அதிலும் சின்னப் பிழை உண்டு, ஆனால் திருத்திய எண்ணைவிட அது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

முதலில் வரைபடக் கணக்கு. நல்லதண்ணி ஏறக்குறைய 1,250 மீட்டரில் இருக்கிறது, உச்சி 2,243. கழித்தால் 993. பாதை முழுக்க ஏறிக்கொண்டே போனால் மொத்த ஏற்றமும் 993தான். ஆனால் நடுவில் சின்னச் சின்ன இறக்கங்கள் வருகின்றன. போகும்போது இறங்கிய இடத்தைத் திரும்பும்போது ஏறவேண்டும், ஆகவே அவை இரண்டு வழியிலும் கொஞ்சம் கூட்டும். (5,500 படி என்பார்கள். படிக்கு 18 சென்டிமீட்டர் வைத்தால் 990 மீட்டர் வருகிறது! ஆனால் படியே இல்லாத சரிவுப் பாதையும் நடுவில் இருப்பதால் அது தற்செயல்தான்.)

உங்கள் வாட்சில் காற்றழுத்த உணரி இருக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். இந்த உயரங்களில் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறியதாக அது எடுத்துக்கொள்ளும். சில நொடிகளுக்குள் ஒன்றிரண்டு மீட்டர் மாறினாலும் பிடித்துவிடும். பலவீனம் இரண்டு இடத்தில்.

ஒன்று, வெப்பநிலை. பெரும்பாலான வாட்சுகள் கடல்மட்டத்தில் 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு என்ற நிலையான கணக்கை வைத்துக்கொண்டு அழுத்தத்தை உயரமாக மாற்றுகின்றன. அந்தக் கணக்கின்படி சிவனொளிபாத உச்சியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் இருக்கவேண்டும். அங்கே அவ்வளவு குளிர் கிடையாது, நிஜக் காற்று ஏழெட்டு டிகிரி சூடாகவே இருக்கும். சூடான காற்று விரிந்திருப்பதால் அதே உயரத்துக்கு அழுத்த வித்தியாசம் குறைவு. பத்து டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் குறைத்துக் காட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் 3 சதவீதம், அதாவது 30 மீட்டர் காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது சுவாரசியமானது. நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்கும் ஒரு நாள்வட்டம் உண்டு. காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம். காலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. வித்தியாசம் இரண்டு மில்லிபார் அளவுக்கு வரும். நீங்கள் ஏறிய நேரத்தைப் பாருங்கள்: 11 மணி முதல் நாலரை வரை. அழுத்தம் தானாகவே இறங்கிக்கொண்டிருந்த நேரம்! சும்மா உட்கார்ந்திருந்தாலும் 15 மீட்டர் போல ஏறியதாக வாட்ச் சொல்லியிருக்கும். ஆக 993இல் 30 போய், 15 வந்து, மிச்சம் 25 மீட்டர் போல அந்தச் சின்ன இறக்கங்களுடையது. 1,004க்கு இப்படிக் கணக்கு வந்துவிடுகிறது. உண்மையான ஏற்றம் 1,020 வாக்கில் இருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, 1,236 எங்கிருந்து வந்தது? திருத்தம் என்ற பெயரைப் பார்த்து, வாட்ச் எழுதிய உயரத்தைச் சரிபார்க்கிறது என்று நினைத்துவிடவேண்டாம். அது அந்த உயரங்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வைத்துக்கொண்டு, தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சேமித்து வைத்திருக்கும் ஒரு தரவில் தேடி எடுத்து எழுதுகிறது. இப்படிப் பரவலாகப் பயன்படும் தரவுகளில் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்தில் இருந்து ராடார் மூலம் அளந்தது. அதன் கட்டம் சுமார் 30 மீட்டர். அடர்ந்த காட்டில் ராடார் தரைவரை போவதில்லை, மர உச்சியையும் கலந்தே அளக்கும். கூரான சிகரங்கள் மழுங்கிப் போகும். உங்கள் கோப்பில் திருத்திய பிறகு உச்சி 2,225ஐத் தாண்டவே இல்லை, கவனித்தீர்களா?

ஆனால் 200 மீட்டர் கூடியதற்கு முக்கியக் காரணம் அதுவல்ல. நாலரையில் இருந்து ஆறேகால் வரை நீங்கள் உச்சியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஜிபிஎஸ் உட்காராது. ஒரே இடத்தில் இருந்தாலும் அது குறிக்கும் புள்ளி பத்துப் பதினைந்து மீட்டர் அலைந்துகொண்டே இருக்கும். சமதரையில் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கூம்பு போன்ற மலையின் நுனியில் புள்ளி பக்கவாட்டில் 15 மீட்டர் நகர்ந்தால், தரவின்படி நீங்கள் சரிவில் எட்டுப் பத்து மீட்டர் கீழே இருப்பீர்கள். புள்ளி திரும்பி வந்ததும் அந்த எட்டு மீட்டர் ‘ஏற்றம்’ ஆகிவிடும். மொத்த ஏற்றம் ஏறியதை மட்டும் கூட்டும், இறங்கியதைக் கழிக்காது. எனவே இந்த அலைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை, சேர்ந்துகொண்டே போகும். உங்கள் கோப்பில் அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் மட்டும் 130 மீட்டர் சேர்ந்திருக்கிறது. மிச்சம், படிக்கட்டு நெரிசலில் நின்ற இடங்களிலும் கீழே ஓரளவு சமமாக இருக்கும் பகுதியிலும் வந்தது. தொடர்ந்து செங்குத்தாக ஏறிய இடங்களில் கிட்டத்தட்ட எதுவும் கூடவில்லை, ஏனெனில் சின்ன அலைவு அங்கே பெரிய ஏற்றத்துக்குள் அமுங்கிவிடும்.

நீங்களே பார்க்கலாம். உயர வரைபடத்தின் கிடை அச்சைத் தூரத்தில் இருந்து நேரத்துக்கு மாற்றுங்கள். தூரத்தில் வைத்தால் உட்கார்ந்திருந்த நேரம் ஒரு கோடாகச் சுருங்கி மறைந்துவிடும். நேரத்தில் வைத்தால், வாட்சின் கோடு அந்த இடத்தில் கிட்டத்தட்டச் சமமாகவும் திருத்திய கோடு ரம்பப் பல் போலவும் தெரியும்.

இந்தப் பற்களை ஒதுக்கத்தான் தளங்கள் ஒரு வாசல் அளவு வைத்திருக்கின்றன. உதாரணமாக உயரம் 1,500, 1,503, 1,501, 1,504, 1,502, 1,506 என்று போகிறது. ஒவ்வொரு ஏற்றத்தையும் கூட்டினால் 10 மீட்டர். 5 மீட்டருக்குக் குறைந்த ஆட்டத்தை விட்டுவிட்டால் 6. வாசல் எவ்வளவு என்பது தளத்துக்குத் தளம் மாறும், அதனால்தான் ஒரே கோப்பு இரண்டு தளத்தில் இரண்டு எண் காட்டும்.

இனி என்ன செய்வது? Garmin Connect என்றால் அந்த நடையின் அமைப்பில் ‘Elevation Corrections’ஐ அணைத்துவிடுங்கள், வாட்சின் சொந்த உயரம் திரும்பி வரும். அடுத்த முறை உச்சியில் உட்காரும்போது பதிவை நிறுத்தி வையுங்கள். புறப்படும் முன் உயரத்தை அளவுதிருத்துவது நல்லதுதான், ஆனால் அது மொத்த ஏற்றத்தைச் சரிசெய்யாது. 50 மீட்டர் தப்பாகத் தொடங்கினால் உச்சியிலும் 50 மீட்டர் தப்பாகவே இருக்கும், கழித்தால் போய்விடும். நடுவழியில் அளவுதிருத்துவதுதான் ஆபத்து, அந்தத் தாவலையே ஏற்றமாகக் கூட்டிவிடலாம். உணரியின் துளையில் வியர்வை உப்போ மழைநீரோ அடைத்தாலும் உயரம் படிபோலத் தாவும்; நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள், ஊசி வைத்துக் குத்தாதீர்கள்.

உங்களோடு வந்தவர்களில் யாருடைய வாட்சிலாவது அழுத்த உணரி இல்லையென்றால், அவர்கள் மட்டும் திருத்தத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருப்பதால் ஜிபிஎஸ்ஸின் உயரப் பிழை பக்கவாட்டுப் பிழையைவிடப் பெரிது. அதற்குப் பழைய ராடார் தரவே மேல். உட்கார்ந்திருந்த பகுதியை மட்டும் முதலில் வெட்டிவிடச் சொல்லுங்கள்.