வேன் டிரைவரிடம் சொன்ன லீவு செல்லுமா?

"ஊரில் கல்யாணம் என்பதால் மகளுக்கு நவம்பர் 10 திங்கள் முதல் 18 செவ்வாய் வரை லீவு, 19 புதன் வருவாள் என்று வெள்ளிக்கிழமை மாலையே வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டேன். 19, 20 இரண்டு நாளும் வேன் வரவில்லை. ஆட்டோவுக்கு 400 ரூபாய் ஆனது. 'என்கிட்ட யாரும் சொல்லலையே' என்கிறார் ஓனர். மாதக் கட்டணம் 1,800 ரூபாயை முழுதாகவும் கேட்கிறார். குறைத்துக் கொடுக்கலாமா?"

லீவு நாட்களுக்குக் குறைக்க முடியாது. வேன் வராத இரண்டு நாளுக்குக் குறைக்கலாம். மாதக் கட்டணம் என்பது உங்கள் மகளுக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பதற்கான பணம். அவள் ஏறாத நாளிலும் அந்த இடம் இருந்தது. இத்தனை நாள் லீவு என்றால் கழிவு உண்டு என்று சேர்க்கும்போதே பேசியிருந்தால் மட்டும் கேட்கலாம்.

19, 20 கதை வேறு. டிரைவர் ஓனரின் முகவர். வேலையின் போக்கில் அவரிடம் சொன்னது ஓனரிடம் சொன்னதற்குச் சமம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 229. ஆகவே ஓனரின் பதில் சட்டத்தில் நிற்காது. சிக்கல் சாட்சியத்தில்தான்: வாயால் சொன்னதை டிரைவர் மறுத்தால் உங்களிடம் ஒன்றுமில்லை. அதனால் இன்றே டிரைவருக்கு வாட்ஸ்அப்பில், "7-ஆம் தேதி மாலை பாப்பாவை இறக்கிவிட்டபோது 19-ஆம் தேதி வருவாள் என்று சொன்னேனே, ஓனரிடம் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். "மறந்துட்டேன் மேடம்" என்று பதில் வந்தால் அதுவே போதும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

மாதத்தில் 24 பள்ளி நாள் என்றால் ஒரு நாளுக்கு 75 ரூபாய். இரண்டு நாளுக்கு 150, ஆட்டோவுக்கு அதற்கு மேல் ஆன 250, ஆக 400 ரூபாய். இந்தக் கணக்கை ஓனருக்கு எழுதி அனுப்பி, மீதி 1,400 ரூபாயைக் கட்டுங்கள். ஆட்டோ பணத்தை மறுத்து அவர் பிடிவாதம் பிடித்தால், பிள்ளையின் பயணம் நிற்காதபடி எதிர்ப்பை எழுத்தில் பதிந்துவிட்டு முழுத் தொகையைக் கட்டுங்கள். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் 400 ரூபாய்க்காக அங்கே அலைவதை நான் சொல்லமாட்டேன்.

அடுத்த லீவுக்கு ஓனர், டிரைவர் இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வேன் குரூப்பில் போட்டால் மற்றப் பெற்றோர் செய்திகளுக்குள் புதைந்துவிடும். தனியார் வேன் என்றால் பள்ளிக்குக் கொடுக்கும் லீவு லெட்டர் அவர்களுக்குப் போய்ச் சேராது.

"ஒரு வாரம் வரமாட்டாள்" என்று எழுதுவதில்தான் தகராறு பிறக்கிறது; சனிக்கிழமை வரையா, ஏழு பள்ளி நாளா என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "3-ஆம் வகுப்பு, இன்ன பெயர், இன்ன ஸ்டாப். 10 திங்கள் முதல் 18 செவ்வாய் வரை காலை, மாலை இரண்டு ட்ரிப்பும் வரமாட்டாள். 19 புதன் காலை வழக்கமான நேரத்துக்கு ஸ்டாப்பில் நிற்பாள். பார்த்ததும் 'சரி' என்று பதில் போடவும்."

பதில் வராவிட்டால் போனில் பேசுங்கள். திரும்பும் நாளுக்கு முந்தைய மாலை அதே செய்தியை மறுபடி அனுப்புங்கள்.