உருபே இல்லாத பெயருக்கும் வேற்றுமையா?

"ஐயா, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். ஒலிக்கும் பெயர்த்தொடர் ஒவ்வொன்றுக்கும் வேற்றுமை உரிமம் வேண்டும் என்று மொழியியல் குறிப்பில் இருக்கிறது. 'நெல் விதைத்தோம்' என்பதில் உருபே இல்லையே? பரீட்சையில் எப்படி விளக்குவது?"

உரிமம் என்பது ஒரு பெயர் வாக்கியத்தில் தன் இடத்தில் நிற்கக் கிடைக்கும் அனுமதி. உருபைத் தேடாமல் இடத்தைப் பாருங்கள். நெல் நிற்கும் இடத்தில் சுட்டுப்பெயரை வைத்தால் 'அதை விதைத்தோம்' என்றுதான் எழுதுவீர்கள். ஐ தொக்கி நிற்கிறது என்று பள்ளியில் படித்த வேற்றுமைத்தொகை பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. மீதிப் பாதி, பெயருக்கு உருபே சேர்க்காத மொழியிலும் வேற்றுமை இயங்குகிறது என்பது.

1977இல் மொழியியலாளர் ழான்-ரோஜே வெர்ன்யோ, சக மொழியியலாளர்களான சோம்ஸ்கிக்கும் லாஸ்னிக்குக்கும் எழுதிய கடிதத்தில் இந்த எண்ணம் பிறந்தது. ஜான் நோயுற்றிருப்பதாகத் தெரிகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஜான் சீம்ஸ் டு பி இல்' சரி. 'இட் சீம்ஸ் ஜான் டு பி இல்' பிழை. இரண்டிலும் நோயாளி ஜான்தான், ஆகவே பொருளைக் குறைசொல்ல முடியாது. பிழையான வாக்கியத்தில் ஜான் எச்சவினையின் எழுவாயாக நிற்கிறான். அந்த எச்சம் அவனுக்கு உரிமம் தராது. 'சீம்' என்ற வினையும் தராது. முற்றுவினையின் காலம் தரும் என்பதால் அவன் வாக்கியத்தின் தலைப்புக்கு நகர்கிறான். சோம்ஸ்கி 1981இல் இதை ஒரு வடிகட்டியாகவே வகுத்தார்: வேற்றுமை பெறாத பெயர் ஒலிக்கக் கூடாது.

'ஒலிக்கும்' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். 'கண்ணன் ஊருக்குப் போக விரும்புகிறான்' என்பதில் போகப்போகிறவனும் கண்ணனே. ஆனால் 'போக' என்பதன் எழுவாய் ஒலிக்காததால் வடிகட்டி அதைத் தொடுவதில்லை. அவ்விடத்தில் வேறொருவரை ஒலித்துப் பாருங்கள்: 'கண்ணன் நான் போக விரும்புகிறான்'. வாக்கியம் குலைந்துவிடுகிறது.

இதுவரை கோட்பாடு கச்சிதம். மாரிகாலத்தில் நம் ஊரில் சொல்வதை இனி எடுங்கள்: 'மழை பெய்ய, இரணைமடுக் குளம் வான் பாய்ந்தது.' 'பெய்ய' என்பதும் 'போக' போன்ற எச்சமே, ஆனால் அதன் எழுவாயான மழை உரக்க ஒலிக்கிறது. 'நான் போக, அவன் வந்தான்' என்றும் சொல்கிறோம். முற்றுவினையின் துணையின்றியே 'நான்' எழுவாய் வடிவில் நிற்கிறது. செயவென் எச்சம் தனி எழுவாய் கொள்ளும் என்பது நம் பழைய இலக்கணக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

இந்த எச்சத்தொடரே உரிமம் தருகிறது என்று சிலர் காப்பாற்றப் பார்க்கலாம். அதற்கு வேறு சான்று காட்டாவிட்டால், 'சரியாக இருக்கிறது, ஆகவே உரிமம் இருக்கிறது' என்று வட்டமடிப்பதாகிவிடும். மொழியியலாளர்கள் சந்தியா சுந்தரேசனும் தாமஸ் மக்ஃபாடனும், எழுவாய் ஒலிப்பதை முடிவுசெய்வது வேற்றுமை அல்ல, எச்சத்தொடரை ஒரு வினை தேர்ந்து ஏற்கிறதா என்பதே என்று வாதிட்டார்கள். 'விரும்பு' தன் எச்சத்தைத் தேர்ந்து ஏற்கிறது, ஆகவே அந்த எச்சத்தின் எழுவாய் ஒலிக்காது. 'வான் பாய்ந்தது' அப்படியன்று, 'மழை பெய்ய' அதற்கு வெறும் அடைதான். என் சாய்வும் அந்தப் பக்கமே.

விடைத்தாளில் முதலில் 'சீம்ஸ்' இணையை எழுதுங்கள். பின்பு 'விரும்புகிறான்' வாக்கியத்தையும் மழை வாக்கியத்தையும் அடுத்தடுத்து வையுங்கள்.