பாஸ்ட் பேப்பர் செய்தும் மார்க்ஸ் கூடவில்லையா?

கேள்வி: மட்டக்களப்பில ஏ.எல். படிக்கிறன். எவ்வளவு பேப்பர் செய்தும் பௌதிகவியல் எம்சிக்யூ 50க்கு 30ஐத் தாண்டுதில்ல. என்ன செய்யலாம்?

பதில்: புதுப் பேப்பர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்க, அவை அளக்கும், திருத்தாது. பிழைத்த 20 கேள்வியையும் விடை பார்க்காமல், நேரம் வைக்காமல் திரும்பச் செய்யுங்க. இப்ப சரிவந்தால் குறை பெரும்பாலும் வேகத்தில். ஒரு கேள்விக்குக் கிடைப்பதே 2 நிமிடம் 24 செக்கன்தான். திரும்பவும் பிழைத்தால் விளக்கத்தில்.

உதாரணமாக, கீழிறங்கும் லிப்டின் வேகம் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் வீதம் குறைகிறது. உள்ளே இழையில் தொங்கும் 2 கிலோ திணிவுக்கு இழுவை 16 நியூட்டன் என்பவர் பெருக்கலில் பிழைக்கவில்லை. இயக்கத் திசையையே ஆர்முடுகலின் திசையாக எடுத்துவிட்டார். ஆர்முடுகல் மேல்நோக்கியது; 2 × (10 + 2) = 24.

இதே குழப்பம் வரும் கேள்விகளை வேறு வருடங்களிலிருந்து ஆறேழு எடுத்துச் செய்யுங்க. ஒரு கிழமை கழித்துத் திரும்பவும், முதலில் ஆர்முடுகல் அம்புக்குறியை மட்டும் கீறிவிட்டு.