வீட்ஸ்டன் சமனச்சுற்றில் கால்வனாமீட்டர் எப்போது சுழி காட்டும்?

கேள்வி: சமநிலையில் கால்வனாமீட்டரில் ஏன் மின்னோட்டம் இல்லை? சமநிலை லேசாகக் குலைந்தால் எவ்வளவு ஓடும்?

ஒரே மின்கலத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்றில் P, Q என்ற மின்தடைகள் அடுத்தடுத்து உள்ளன. மற்றதில் R, S. இரு பாதைகளின் நடுப்புள்ளிகளைக் கால்வனாமீட்டர் இணைக்கிறது. P/Q = R/S என்றால் இரு நடுப்புள்ளிகளிலும் மின்னழுத்தம் ஒன்றே. ஒரே மட்டத்தில் நீர் நிற்கும் இரு தொட்டிகளைக் குழாயால் இணைத்தாலும் நீர் நகராது அல்லவா, அதுபோலத்தான்.

இப்போது 2 வோல்ட் மின்கலம், P, Q, R மூன்றும் 100 ஓம், S மட்டும் 101 ஓம் என்று கொள்வோம். நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 5 மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றும். கால்வனாமீட்டரின் மின்தடையும் 100 ஓம் என்று கொள்வோம். அந்த வேறுபாட்டை அப்படியே இந்த 100 ஓமால் வகுத்தால் விடை இரு மடங்காகிவிடும். பலரும் சறுக்கும் இடம் இது. நான்கு மின்தடைகளும் சேர்ந்து கால்வனாமீட்டருக்குத் தொடராக இன்னொரு 100 ஓம் போலச் செயல்படுகின்றன. ஆகவே ஓடுவது 5 மில்லிவோல்ட் ÷ 200 ஓம், அதாவது ஏறத்தாழ 25 மைக்ரோஆம்பியர். முள் நகர்வதைக் காண இதுவே தாராளம்.

முள் சுழியில் நின்றால் சுற்றில் மின்னோட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம்: S-உம் 100 ஓமாக இருந்து சமநிலை வந்தாலும், ஒவ்வொரு பாதையிலும் 10 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.