மிகச்சிறிய மேல் எல்லை: கேள்வி பதில்

கேள்வி (வவுனியா, பல்கலைக்கழக முதலாம் ஆண்டு): மேல் எல்லை உள்ள, வெறுமையற்ற ஒவ்வொரு மெய்யெண் தொடைக்கும் மிகச்சிறிய மேல் எல்லை உண்டு என்பதை நிறுவ முடியுமா, சேர்? விரிவுரையில் அதை வெளிப்படையுண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பதில்: மெய்யெண்ணை எதிலிருந்து கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. டெடிகைண்ட் 1872 இல் வெளியிட்ட வழியில், மெய்யெண் என்பதே விகிதமுறும் எண்களின் ஒரு தொடை. அது வெறுமையன்று, எல்லா விகிதமுறும் எண்களையும் கொண்டதுமன்று. ஓர் எண் அதில் இருந்தால் அதனிலும் சிறியவை அனைத்தும் இருக்கும். மிகப்பெரிய உறுப்பு இராது. ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கினால் அது சிறியது அல்லது சமமானது.

மேல் எல்லை M உள்ள S என்னும் மெய்யெண் தொடையின் உறுப்புகள் அனைத்தினதும் ஒன்றிப்பை T என்க. S வெறுமையன்று, ஆகவே T உம் வெறுமையன்று; இந்த வரியை விடாதீர்கள். T ஆனது M இற்குள் அடங்குவதால் எல்லா எண்களையும் கொள்ளாது. T இல் உள்ள q ஏதோ ஓர் உறுப்பிலிருந்து வந்தது. q இலும் சிறியவை அனைத்தும், q இலும் பெரியது ஒன்றும், அந்த உறுப்பிலேயே உள்ளன. எனவே T ஒரு மெய்யெண். S இன் ஒவ்வோர் உறுப்பும் T இற்குள் அடங்கும்; வேறு எந்த மேல் எல்லையும் அவ்வுறுப்புகளை அடக்குவதால் T ஐயும் அடக்கும்.

கேள்வி (கிளிநொச்சி): இடைவெளியை அரை அரையாகப் பிரித்துக்கொண்டே போனால் போதுமே?

பதில்: பாதி சரி. நீளம் பூச்சியத்தை அணுகும். ஆனால் முனைகள் நெருங்கும் இடத்தில் ஓர் எண் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விகிதமுறும் எண்களுக்குள் நின்று x² < 2 என்பதற்கு [1, 2] ஐப் பிரித்தாலும் நீளம் அப்படியே சுருங்கும், அங்கு எண் கிடைக்காது. ஒன்றுக்குள் ஒன்றான இடைவெளிகளுக்குப் பொதுப்புள்ளி உண்டு என்பதை முன்கூட்டி நிறுவியிருந்தால் உங்கள் வழி செல்லும்.

கேள்வி (முல்லைத்தீவு): முடிவில்லாத் தசமங்களாக எடுத்தால் இலக்கம் இலக்கமாகவே கிடைத்துவிடும். டெடிகைண்ட் எதற்கு?

பதில்: கிடைக்கும். ஆனால் 0.999… உம் 1 உம் ஒன்றென்பதையும், கூட்டலையும் பெருக்கலையும் வரையறுப்பதையும் நீங்களே சுமக்க வேண்டும். எனக்கு ஒன்றிப்பே எளிது. உங்களுக்கு அவ்வாறு தோன்றாதிருக்கலாம்.

கேள்வி (மாங்குளம்): (0, 1) இற்கு மிகச்சிறிய மேல் எல்லை 1 என்று என் மகள் எழுதினாள், 1 அத்தொடையில் இல்லையென்று புள்ளி குறைத்துவிட்டார்கள்.

பதில்: மகள் எழுதியது சரி. அது உறுப்பாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி (வவுனியா): √2 இருக்கிறது என்பதற்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: x > 0, x² < 2 ஆகும் x களின் தொடையில் 1 உள்ளது, 2 மேல் எல்லை, ஆகவே மிகச்சிறிய மேல் எல்லை s உண்டு. s² < 2 எனில், 1 ஐயும் (2 − s²)/(2s + 1) ஐயும் விடச் சிறிய நேர் h ஐ எடுங்கள். அப்போது (s + h)² < s² + h(2s + 1) < 2. s ஐ மிஞ்சிய உறுப்பு கிடைத்துவிட்டது. 1.4 இல் தொடங்கி h = 0.01 என்றால் 1.41² = 1.9881. s² > 2 எனில் k = (s² − 2)/(2s) என்க; (s − k)² > s² − 2sk = 2, ஆகவே s − k இன்னும் சிறிய மேல் எல்லை. இரண்டும் முரண்; s² = 2.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வெறுந்தொடைக்கு மிகச்சிறிய மேல் எல்லை என்ன?

பதில்: இல்லை. எல்லா எண்ணும் அதற்கு மேல் எல்லையே. முதற்பதிலை மீண்டும் வாசியுங்கள்.