சீராக மின்னூட்டம் பெற்ற திண்மக் கோளம்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: சார், கோளத்தின் மையத்தில் மின்புலம் பூஜ்யம். அப்புறம் அங்கே மின்னழுத்தம் மட்டும் எப்படி மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்காக இருக்கிறது?

தம்பி, ஒரு புள்ளியின் மின்னழுத்தம் அந்தப் புள்ளியில் இருக்கும் புலத்தைப் பொறுத்தது இல்லை. முடிவிலியிலிருந்து அங்கே வந்து சேரும் வரை வழியெல்லாம் எதிர்த்துச் செய்த வேலைதான் கணக்கு. ஓரலகு மின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள்.

ஆரம் 10 செ.மீ., மொத்த மின்னூட்டம் 1 மைக்ரோகூலும், கனஅளவு முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது என்று வைப்போம். மேற்பரப்பு வரை வருவதற்குள் kQ/R, அதாவது 90,000 வோல்ட் ஏறிவிட்டீர்கள். மேற்பரப்பில் புலம் மீட்டருக்கு 9 லட்சம் வோல்ட். உள்ளே நுழைந்த பிறகும் அது வெளிப்பக்கமாகத்தான் தள்ளுகிறது. ஆனால் தள்ளுவது உங்களைவிட மையத்துக்கு அருகில் உள்ள மின்னூட்டம் மட்டுமே. அதனால் புலம் ஆரத்தோடு நேர்கோடாகக் குறைந்து மையத்தில் பூஜ்யமாகிறது. நேர்கோடு என்பதால் சராசரி மீட்டருக்கு நாலரை லட்சம். அதை 0.1 மீட்டரால் பெருக்கினால் இன்னும் 45,000 வோல்ட். மையத்தில் மொத்தம் 1,35,000. அந்த ஒன்றரை மடங்கு வந்த வழி இதுதான்.

மையத்தில் புலம் பூஜ்யம் என்பதற்கு ஒரே பொருள்: ஏற்றம் அங்கே முடிந்து உச்சி தட்டையாகிறது. உச்சியில் சரிவு இல்லை என்பதால் மலைக்கு உயரம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

வேறொரு மாணவி: எங்கள் புத்தகத்தில் உள்ளே எல்லா இடத்திலும் ஒரே மின்னழுத்தம் என்று இருக்கிறதே?

அது கடத்திக் கோளம், அல்லது உள்ளீடற்ற கோளம். மின்னூட்டம் தோலில் மட்டும் இருந்தால் உள்ளே புலமே இல்லை, ஏறுவதற்கும் ஒன்றுமில்லை. கணக்கைத் தொடுவதற்கு முன் மின்னூட்டம் தோலிலா, உடம்பு முழுக்கவா என்று பாருங்கள். இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

பொறியாளர் ஒருவர்: கோளத்தின் மின்னாற்றலுக்கு U = ½QV என்பதில் மைய மின்னழுத்தத்தைப் போட்டேன், kQ²/R-ல் 3/4 வந்தது. மேற்பரப்பைப் போட்டால் 1/2. விடை 3/5 என்கிறார்கள். எந்த V?

இரண்டும் இல்லை. ½QV என்று ஒரே V போடலாம் என்றால் எல்லா மின்னூட்டமும் ஒரே மின்னழுத்தத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடத்தியில் அப்படித்தான்; நீங்கள் அங்கிருந்து சூத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இங்கே ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது. எனவே V-யின் சராசரி வேண்டும், அதுவும் எந்த அடுக்கில் எவ்வளவு மின்னூட்டமோ அந்த எடையோடு.

உள்ளே V = kQ(3R² − r²)/2R³. கனஅளவு முழுக்க r²-ன் சராசரி 3R²/5. போட்டுப் பார்த்தால் சராசரி V = (6/5)kQ/R, அதில் பாதி 3/5. சராசரி மேற்பரப்பின் பக்கமே சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். கோளத்தின் கனஅளவில் பெரும்பங்கு வெளி அடுக்குகளில்தான், மையத்தின் 1.5 மடங்கில் நிற்கும் மின்னூட்டம் மிகக் குறைவு.

சரிபார்க்க வேண்டுமா? அடுக்கடுக்காகக் கட்டுங்கள். ஆரம் r வரை கட்டியபின் உள்ளே இருப்பது Qr³/R³. அடுத்த மெல்லிய அடுக்கு dq-வைக் கொண்டுவர k·q·dq/r செலவு. அதைப் பூஜ்யத்திலிருந்து R வரை கூட்டினால் அதே 3kQ²/5R. மேலே சொன்ன கோளத்துக்கு 0.054 ஜூல்.

பள்ளி ஆசிரியை: கடத்திக் கோளத்தின் 1/2-ஐவிட இந்த 3/5-ல் கூடுதலாக வரும் அந்த 1/10 எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி, டீச்சர். ஆற்றலைப் புலத்தில் தேடினால் அகப்படும். கோளத்துக்கு வெளியே உள்ள புலம், மின்னூட்டம் தோலில் இருந்தாலும் உடம்பில் இருந்தாலும் ஒன்றேதான். ஆகவே வெளியே இருக்கும் ஆற்றலும் ஒன்றே: kQ²/2R, நம் கணக்கில் 0.045 ஜூல். மீதி 0.009 ஜூல் உள்ளே. தோல் கோளத்தில் அந்த உள்பங்கு இல்லை. யாராவது விடை 1/2 என்று எழுதினால், பெரும்பாலும் வெளியே மட்டும் கூட்டிவிட்டு நின்றிருப்பார்கள்.

இன்னொருவர்: கம்பளியில் தேய்த்த பிளாஸ்டிக் பந்து என்னிடம் இருக்கிறது. அதன் மையத்தில் ஒன்றரை மடங்கா?

தேய்த்தால் மின்னூட்டம் தோலில். மேலே பாருங்கள். உடம்பு முழுக்க மின்னூட்டம் ஏற்றிய பிளாஸ்டிக்காகவே இருந்தாலும், சார்பு விடுதிறன் 2 என்றால் உள்ளே புலம் பாதியாகும். மையத்தில் ஒன்றேகால் மடங்குதான்.

பெயரில்லாதவர்: மையத்தில் r = 0, எனவே kQ/r முடிவிலி ஆகிறதே?

கோளத்துக்குள் kQ/r செல்லாது. முதல் பதில்.

முதுகலை மாணவர்: அணுக்கருவுக்கு 3/5 போடும்போது Z² எழுதுவதா, Z(Z−1) எழுதுவதா?

Z(Z−1). தொடர்ச்சியான திரவம் என்று Z² போட்டால் ஒவ்வொரு புரோட்டானும் தன்னைத்தானே தள்ளுவதாகவும் சேர்த்துவிடுகிறோம். ஜோடிகள் Z(Z−1)/2, கோளத்தில் குத்துமதிப்பாக எறிந்த இரு புள்ளிகளுக்கு 1/தூரத்தின் சராசரி 6/5R. பெருக்கினால் 3/5 தானே வந்து நிற்கிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்: யுரேனியத்தில் வித்தியாசம் ஒரு சதவீதம்: 983-க்குப் பதில் 973 எம்இவி. அணுக்கரு சீரான கோளமே இல்லை, ஓரம் மங்கலானது. இதற்கு ஏன் இத்தனை பிடிவாதம்?

ஐயா, யுரேனியத்தில் ஒளித்துவைக்கலாம், லேசான அணுக்கருவில் முடியாது. ஆக்சிஜன்-15-ல் 8 புரோட்டான், 7 நியூட்ரான்; நைட்ரஜன்-15-ல் தலைகீழ். அணுக்கரு விசை இரண்டிலும் ஏறக்குறைய சமம், ஆகவே ஆற்றல் வித்தியாசம் பெரிதும் மின்விசையால் வருவது. ஆரம் 1.2·A^(1/3), அதாவது 2.96 ஃபெர்மி. Z² போட்டால் வித்தியாசம் 4.38 எம்இவி, Z(Z−1) போட்டால் 4.09. அளந்த நிறைகளிலிருந்து வருவது 3.54.

பேராசிரியர்: ஆக இரண்டுமே தப்பு. நான் சொன்னதுதானே.

பாதி சரி. 3.54 வர ஆரத்தை 3.4 ஃபெர்மிக்கு மேல் நீட்ட வேண்டும். மங்கலான ஓரம் அதில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரோட்டான்கள் பவுலி விதியால் ஒன்றையொன்று விலக்கி நிற்பதும் விரட்டலைக் குறைக்கிறது; கோளம் எவ்வளவு மங்கினாலும் அது தனிக் கணக்கு.

முதுகலை மாணவர்: அப்படியானால் எதன் பங்கு பெரியது?

நீங்கள் எடுக்கும் ஆரத்தைப் பொறுத்தது. எலெக்ட்ரான் சிதறலில் அளந்த சராசரி வர்க்க ஆரத்தையே வைத்துக்கொண்டால் ஓரத்தின் பங்கு சுருங்கிவிடும் என்பது என் பக்கம். ஐயா ஒத்துக்கொள்ளமாட்டார்.

பேராசிரியர்: கடைசிப் புரோட்டான் மற்றவற்றைவிட வெளியே தளர்ந்து நிற்பதை விட்டுவிட்டீர்கள்.

விடவில்லை, வரிசையில் இருந்தது.

புதியவர்: சார், மையத்தில் மின்புலம் பூஜ்யம் என்றால் மின்னழுத்தம்...

முதல் பதில், தம்பி. முழுக்கப் படியுங்கள்.