ஒரே பேங்க் கணக்கில் கடையும் வீடும்: கேள்வி பதில்

பெயிண்ட் கடைக்காரர்: மேடம், கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு. ஸ்டேட்மென்டை எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எக்செலில் இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு தலைப்பு போடுங்கள். முதலில் வரவுகளைப் பாருங்கள். விற்பனை, கடன், மச்சான் தந்த கைமாற்று எல்லாம் ஒரே பத்தியில்தான் நிற்கும். வீட்டுச் செலவு வரிகளை நீக்காதீர்கள், ‘எடுப்பு’ என்று எழுதுங்கள். நீக்கினால் மார்ச் 31 இருப்பு பேங்கோடு ஒத்துப்போகாது. புரியாத வரவை ‘சந்தேகம்’ என்று வையுங்கள், விற்பனையில் தள்ளாதீர்கள்.

அவரே: ஜூனில் ஒரு லட்சம் நகைக்கடன் வந்தது. அது எங்கே போகும்?

வருமானம் இல்லை, கடன். அந்தப் பணம் எங்கே போனது?

அவரே: அன்றைக்கே 60,000 பெயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, 40,000 பையன் ஸ்கூல் ஃபீஸ்.

அப்படியானால் 60,000 சரக்குக்காரருக்கு, 40,000 எடுப்பு. வட்டியும் அதே விகிதம். வருட வட்டி 9,000 என்றால் 5,400தான் கடைச் செலவு, மீதி 3,600 எடுப்பில் சேரும். நகையை மீட்கக் கட்டும் அசல் எந்தச் செலவிலும் வராது.

ரிட்டயர்டு கணக்கர்: நகை மனைவியுடையதாம்மா? அப்போ வட்டி முழுக்க வீட்டுச் செலவு. நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

நகை யாருடையது என்பதை வைத்து வட்டியைப் பிரிப்பதில்லை சார், பணம் எதற்குப் போனது என்பதை வைத்துத்தான். கடனே மனைவி பெயரில் என்றால் நீங்கள் சொல்வதில் பாதி சரி: கடைப் புத்தகத்தில் அது பேங்க் கடனாக வராது, மனைவிக்குத் தரவேண்டியதாக நிற்கும்.

ரிட்டயர்டு கணக்கர்: வட்டியை இவர் நேராக பேங்கில் கட்டினால்?

அது வாதத்துக்குரியது. நான் என்றால் மனைவிக்கு அனுப்பி, அவரைக் கட்டச் சொல்வேன். உங்கள் ஆடிட்டர் வேறு சொல்லலாம்.

டெய்லர் கடை அக்கா: வருமான வரிக்கு நான் லாபம் 6 சதவீதம் என்று காட்டும் கணக்குதான். நான் எதற்குப் பிரிக்கணும்?

அந்த 6 எதன் மேல்? விற்றுமுதல் மேல். தம்பி ஜிபேயில் போட்ட 50,000 விற்பனையில் கலந்தால், அதற்கும் சேர்த்து லாபம் காட்டுவீர்கள். ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டிவிட்டதாகவும் தெரியலாம்.

புதியவர்: ஏடிஎம்மில் எடுத்தது செலவா?

இல்லை. பேங்கிலிருந்து கைக்கு வந்த ரொக்கம். ரொக்கம் எதற்குப் போனதோ அதுதான் செலவோ எடுப்போ.

இன்னொருவர்: நகைக்கடன் வருமானமா மேடம்?

மேலே பாருங்கள்.

மளிகைக்காரர்: எல்ஐசி பிரீமியம் கடைக் கணக்கில்தான் போகுது, செலவா?

உங்கள் உயிருக்கு எடுத்த பாலிசியா, அப்போ எடுப்பு. கடைச் சரக்குக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் செலவு. ரசீதில் எதற்கு எடுத்த காப்பீடு என்று பாருங்கள்.

ரிட்டயர்டு கணக்கர்: அந்த மனைவி வட்டி விஷயம் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

எழுதுங்கள் சார், ராத்திரி பார்க்கிறேன்.